பூக்கடை அக்காவின் கைப்பேசி: எரிந்த திரையும் இருண்ட திரையும்

பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ குவீன் மகா மாரியம்மன் கோவிலுக்கு நடந்து போகும் தூரத்தில், ஓர் அக்கா மாலை கட்டி விற்கிறார். நான் அதே வட்டாரத்தில் ஒரு கடைவீட்டின் அஞ்சடியில் மேசை போட்டுக் கைப்பேசி பழுது பார்ப்பவன். அதற்கு முன்னால் பாயான் லெப்பாசில் அகச்சிவப்பு எல்இடி செய்யும் ஆலை ஒன்றில் ஆறு ஆண்டுகள் சோதனைப் பிரிவில் இருந்தேன். அந்த அனுபவம் இந்தக் கேஸில் கைகொடுத்தது. ஆனாலும் முதல் தடவை நானும் தவறாகத்தான் செய்தேன்.

அக்கா கைப்பேசியை நீட்டும்போது அதன் ஓரத்தில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"தம்பி, நான் பேசிக்கிட்டே இருக்கேன், அந்தப் பக்கம் ஹலோ ஹலோன்னு கத்துறாங்க. என் குரல் திடீர்னு நின்னு போகுதாம். மைக் மாத்தணும்னு சொல்றாங்க, மாத்திடுங்க."

குரல் பதிவு செயலியில் இரண்டு நிமிடம் பேசவைத்துக் கேட்டேன். குரல் கணீரென்று இருந்தது. மைக்கில் குற்றமில்லை. சரி, வழக்கமாக எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பேசிக் காட்டுங்கள் என்றேன். அவர் கையில் நாரும் மல்லிகையும் இருப்பதுபோல் பாவித்து, கைப்பேசியைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார். அப்போதுதான் பார்த்தேன். அவர் கன்னத்தில் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. காதில் வைத்தபிறகும் திரை அணையவில்லை. கன்னம் தானாகவே மியூட் பொத்தானை அழுத்திவிட்டது. சில சமயம் அழைப்பு ஹோல்டில் போயிருக்கிறது. ஒருமுறை மூடியிருக்க வேண்டிய எண்பலகை திறந்து, வங்கித் தானியங்கிக் குரலுக்கு ஏழெட்டு எண்கள் போயிருக்கின்றன.

இனி, காதில் வைத்ததும் திரையை அணைக்க வேண்டிய சென்சார் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். காது ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில், திரைக் கண்ணாடியின் கறுப்பு விளிம்புக்கு அடியில், ஒரு சின்ன அகச்சிவப்பு விளக்கும் அதன் அருகிலேயே ஒளியை உணரும் ஒரு டையோடும் இருக்கும். விளக்கு பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளத்தில் துடிப்புத் துடிப்பாக ஒளிவிடும். நம் கண்ணுக்கு அது தெரியாது. எதிரில் எதுவும் இல்லையென்றால் ஒளி போய்விடும். கன்னம் வந்தால் பட்டுத் திரும்பிவந்து டையோடில் விழும். திரும்பிய ஒளியின் அளவு ஓர் எண்ணாக மாறுகிறது. அந்த எண் ஓர் எல்லையைத் தாண்டினால் 'அருகில்', இன்னோர் எல்லைக்குக் கீழே இறங்கினால் 'தூரத்தில்'. 'அருகில்' என்ற சேதி வந்ததும் அழைப்புச் செயலி திரையை அணைக்கிறது. சென்சார் கன்னத்தை அடையாளம் காண்பதில்லை. அதற்குத் தெரிந்தது அந்த ஓர் எண் மட்டும்தான்.

எல்லைகள் ஏன் இரண்டு? ஒன்றே இருந்தால் அந்த இடத்தில் எண் லேசாக ஆடும்போது திரை மினுக் மினுக்கென்று அணைந்து எரியும். அதனால் மேல் எல்லையைத் தாண்டினால் அணைப்பது, கீழ் எல்லைக்குக் கீழே போனால்தான் எரியவிடுவது என்று வைத்திருக்கிறார்கள். நடுவே இருக்கும் இடைவெளியில் எண் நின்றால், முன்பிருந்த நிலையே தொடரும். இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலைக்கு வரும்.

கைப்பேசியின் சோதனைப் பக்கத்தைத் திறந்தேன். எண்ணழுத்தும் இடத்தில் ஒரு குறியீடு போட்டால் வரும் பக்கம் அது. சாம்சங்கில் பல மாடல்களில் `*#0*#`, ஷாவ்மியில் `*#*#6484#*#*`, மற்றவற்றில் வேறு வேறு. சில கைப்பேசிகளில் 'அருகில்', 'தூரத்தில்' என்ற இரண்டு சொல் மட்டும்தான் காட்டும். அக்காவுடையதில் நல்லவேளையாக மூல எண்ணும் எல்லைகளும் தெரிந்தன. எதிரில் ஒன்றும் இல்லாமல் 450. கன்னத்தை நேராக வைத்தால் 1,500. தோளில் இடுக்கியபோது 800. மேல் எல்லை 1,060, கீழ் எல்லை 960.

மேல் எல்லை அவ்வளவு உயரத்தில் எப்படிப் போயிற்று? நேராகக் காதில் வைத்தால் 1,500 அதைத் தாண்டிவிடுகிறது, திரை அணைகிறது. மைக் மாற்றச் சொன்னவர்கள் எல்லாரும் கைப்பேசியைக் கையில் பிடித்துத்தான் சோதித்திருப்பார்கள். அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. தோளில் இடுக்கும்போது கைப்பேசியின் மேல்முனை கன்னத்தை விட்டு விலகி, காதோரக் கூந்தலை நோக்கிச் சாய்ந்துவிடுகிறது. கன்னத்தின் நிறம் இந்த அலைநீளத்தில் பெரிய வேறுபாடு செய்யாது. எந்த நிறத் தோலும் போதுமான அளவு ஒளியைத் திருப்பும். கறுத்து அடர்ந்த கூந்தல் அப்படியில்லை. அது ஒளியை விழுங்கும், மிச்சத்தைக் கண்டபடி சிதறடிக்கும். அதனால்தான் 800. எல்லை 1,060 என்றால் சென்சாருக்கு அது 'தூரத்தில்'.

இந்தத் தொல்லை புதிதல்ல. 2010இல் ஐபோன் 4 வந்தபோது திரை கன்னத்தில் எரிந்தபடி இருக்கிறது என்ற புகார் உலகம் முழுக்கக் கேட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 4.1 மென்பொருளாலேயே அதைத் திருத்தினார்கள். உள்ளே எந்தப் பாகமும் மாறவில்லை.

அக்காவிடம் மெதுவாக விசாரித்தேன். கதை துண்டு துண்டாக வந்தது. மூன்று மாதத்துக்கு முன் கைப்பேசி கீழே விழுந்து திரை உடைந்தது. எங்கோ ஒரு கடையில் திரை மாற்றினார். அங்கேயே மேலே ஒரு டெம்பர்ட் கிளாஸும் ஒட்டிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து யாருக்கு அழைத்தாலும் உடனே திரை கறுத்துவிடும், காதிலிருந்து எடுத்தாலும் வராது. அவருடைய அண்ணன் மகன் இணையத்தில் பார்த்து ஏதோ 'சரிபண்ணினான்'. இருட்டு போய்விட்டது. இரண்டு வாரத்தில் டெம்பர்ட் கிளாஸின் மூலை தெறித்தது, அக்கா அதை உரித்து எறிந்துவிட்டார். அதற்கு அப்புறம்தான் குரல் நிற்கும் தொல்லை.

பையன் செய்தது அளவுதிருத்தம், கடைகளில் கேலிப்ரேஷன் என்போம். எதிரில் ஒன்றும் இல்லாத நிலையில் சென்சார் படிக்கும் எண்ணை அடித்தளமாக எழுதிக்கொள்வது. இந்த மாடலில் அடித்தளத்தோடு 300 கூட்டினால் மேல் எல்லை, 200 கூட்டினால் கீழ் எல்லை. 1,060 என்றால் அடித்தளம் 760. அதாவது பையன் திருத்தியபோது எதிரில் ஒன்றுமில்லாமலேயே 760 வந்திருக்கிறது. டெம்பர்ட் கிளாஸ் ஒளியைத் திருப்பி உள்ளேயே தள்ளியிருக்கிறது. கைப்பேசி ஆலையிலிருந்து வந்த அடித்தளம் 200 அளவில் இருந்திருக்கும், மேல் எல்லை 500. அப்போது 760 படித்த சென்சார் நாள் முழுவதும் 'அருகில், அருகில்' என்றே சொல்லியிருக்கும், அழைத்தவுடன் இருட்டு. பையன் அந்தப் பொய் எண்ணையே புதிய அடித்தளமாக்கிவிட்டான். பிறகு டெம்பர்ட் கிளாஸ் போனதும் எண் கீழே இறங்கிவிட்டது, எல்லை மட்டும் மேலேயே நின்றது.

ஆக முதலில் இருட்டு, அப்புறம் வெளிச்சம். இரண்டும் எதிரெதிர்ப் புகார் போலத் தோன்றினாலும் ஒரே எண்ணின் இரண்டு பக்கம்.

இங்கேதான் நான் சறுக்கினேன். டெம்பர்ட் கிளாஸ் இல்லாத நிலையில், கண்ணாடியைத் துடைத்து, மறுபடி அளவுதிருத்தம் செய்தேன். அடித்தளம் 450, மேல் எல்லை 750, கீழ் எல்லை 650. அக்காவைத் தோளில் இடுக்கச் சொன்னேன். 800, திரை அணைந்தது. எடுத்தார், எரிந்தது. காசு வேண்டாம் என்று அனுப்பிவைத்தேன். அந்த 450ஐப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். 200 இருக்க வேண்டிய இடத்தில் ஏன் 450? அன்று வெள்ளிக்கிழமை, கூட்டம், கேட்காமல் விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அக்கா திரும்ப வந்தார். இம்முறை திரை இருட்டு. திரையைப் பாதுகாக்க வேண்டும் என்று எங்கோ ஒரு டெம்பர்ட் கிளாஸ் வாங்கித் தானே ஒட்டியிருக்கிறார். ஓரத்தில் மட்டும் பசை, நடுவில் காற்று இடைவெளி, சென்சார் இருக்கும் இடத்தில் வெட்டும் இல்லை. எண்ணைப் பார்த்தேன், 760. மேல் எல்லை 750. பத்தே பத்து எண்ணில் மாட்டியிருந்தது.

திரை கறுத்த நிலையில் எதை அழுத்துவது என்று பலரும் தவிப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு காதொலிக் கம்பியைச் சொருகுங்கள், அல்லது புளூடூத் காதொலியை இணையுங்கள். ஒலி காதை விட்டு வேறிடம் போனதும் அழைப்புச் செயலி சென்சாரைக் கேட்பதை நிறுத்திவிடும், திரை வந்துவிடும். ஒலிபெருக்கியைப் போட்டாலும் இதேதான், ஆனால் அதை அழுத்தத் திரை வேண்டுமே. இது ஒரு சோதனையும்கூட. கம்பி சொருகியதும் திரை வந்தால் திரையும் தொடுதலும் நன்றாக இருக்கின்றன, குற்றம் சென்சார் பக்கம். வராவிட்டால் வேறு பழுது, இந்தக் கதை அதற்குப் பொருந்தாது.

டெம்பர்ட் கிளாஸை உரித்தேன், எண் 450க்கு வந்தது. ஒரு சோதனைக்காக ஆலையின் எல்லைகளையே, அதாவது 500, 400 என்று திரும்ப வைத்துப் பார்த்தேன். அழைத்தேன், திரை எரிந்தது. கையால் ஒருமுறை மறைத்தேன், அணைந்தது. கையை எடுத்தேன், வரவேயில்லை. 450 என்பது 500க்குக் கீழே, அதனால் தொடக்கத்தில் 'தூரத்தில்'. ஒருமுறை மறைத்ததும் 'அருகில்' ஆகிவிட்டது. திரும்பி வர 400க்குக் கீழே இறங்க வேண்டும், அது இறங்காது. முன்னே சொன்ன இடைவெளியில் மாட்டிக்கொண்டது. முதல் தடவை காதில் வைக்கும் வரை நன்றாக இருந்து, எடுத்தபின் திரும்பாத திரையைக் கண்டால் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. அழைத்த கணத்திலேயே கறுப்பது வேறு. அங்கே எண் மேல் எல்லைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

இனித் திறக்காமல் முடியாது. திரையைச் சூடாக்கிப் பிரித்தேன். சென்சார் சுத்தமாக இருந்தது. ஆனால் அதன் மேல் இருக்க வேண்டிய ரப்பர் உறை இல்லை. உளுந்தளவே இருக்கும் கறுப்பு ரப்பர், நடுவே ஒரு சுவர், இரண்டு பக்கமும் ஒவ்வொரு துளை. விளக்கின் ஒளி ஒரு துளை வழியே வெளியே போக வேண்டும், திரும்பும் ஒளி மற்றதன் வழியே வர வேண்டும். சுவர் இல்லையென்றால் விளக்கின் ஒளி கண்ணாடியின் உள்பக்கத்தில் பட்டுப் பக்கவாட்டில் நேராக டையோடுக்கே போய்விடும், வெளியே போகாமலே. அதுதான் அந்தக் கூடுதல் 250. உறை பழைய திரையின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டே குப்பைக்குப் போயிருக்கும். திரை மாற்றும் அவசரத்தில் இது அடிக்கடி நடக்கும். என் கையிலும் நடந்திருக்கிறது.

உதிரிப்பாகம் கையில் இல்லை. கறுப்பு பிளாஸ்டிக் படலம் ஒன்றை நறுக்கி நடுவே சுவராக நிறுத்திப் பார்த்தேன். எண் 450லிருந்து 430க்குத்தான் இறங்கியது. பாயான் லெப்பாசில் படித்த பாடம் அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவதெல்லாம் அகச்சிவப்புக்கும் கறுப்பு அல்ல. சில பிளாஸ்டிக்கும் சில மையும் பகலொளியை நிறுத்தி அகச்சிவப்பைத் தாராளமாக விடும். கண்ணாடியின் கறுப்பு விளிம்பில் சென்சாருக்கு மேல் பூசுவதே அப்படிப்பட்ட மைதான். வேண்டுமென்றே ஒளியை விடும் மை. மலிவான மாற்றுத் திரைகளில் அந்த மைக்குப் பதில் சாதாரணக் கறுப்பு மை பூசிவிட்டால், ஒளி வெளியே போகவே போகாது, எண் எப்போதும் கன்னம் இல்லாதது போலவே இருக்கும். அங்கே என்ன திருத்தினாலும் பயனில்லை, திரையைத்தான் மாற்ற வேண்டும்.

இதைச் சோதிக்க இன்னொரு கைப்பேசியின் கேமரா போதும். அழைப்பு ஓடும்போது சென்சார் பக்கம் கேமராவைக் காட்டினால், கேமராவின் வடிகட்டி கடுமையாக இல்லாவிட்டால், ஊதா கலந்த வெண்மையில் ஒரு புள்ளி மினுக்கும். பின் கேமராவில் தெரியாவிட்டால் முன் கேமராவில் பாருங்கள், அதில் வடிகட்டி கொஞ்சம் தளர்வாக இருப்பதுண்டு. நான் முதலில் டிவி ரிமோட்டைக் காட்டி அந்தக் கேமரா அகச்சிவப்பைப் பார்க்கிறதா என்று உறுதி செய்துகொள்வேன். ரிமோட் தெரிந்து சென்சார் தெரியாவிட்டால் விளக்கு எரியவில்லை, அல்லது மை மறைக்கிறது. அக்காவுடையதில் புள்ளி நன்றாகத் தெரிந்தது, ஆனால் அக்கம் பக்கத்தில் கறை போலப் பரவியிருந்தது. உறை இல்லாத அடையாளம் அது.

அதே மாடலில் தண்ணீரில் விழுந்து செத்த ஒரு கைப்பேசி என் பெட்டியில் கிடந்தது. அதன் திரையின் பின்னாலிருந்து ரப்பர் உறையை இடுக்கியால் உரித்து எடுத்து, அக்காவுடையதில் பொருத்தினேன். உறையின் வாய் கண்ணாடியோடு சரியாக முட்டுகிறதா என்று பார்த்து, திரையை ஒட்டாமல் லேசாக அழுத்தி வைத்தேன். எதிரில் ஒன்றுமில்லாமல் 190. அழுத்தத்தைத் தளர்த்தினால் 300. அப்படியென்றால் உறை கண்ணாடியை முட்டினால்தான் வேலை செய்யும். திரை சரியாக உட்காராமல் ஒரு மயிரிழை உயர்ந்திருந்தாலும் பழைய தொல்லை திரும்பிவிடும். புதுப் பசை போட்டு, ரப்பர் வளையங்களால் கட்டி, இரவு முழுவதும் வைத்தேன்.

காலையில் 190 நின்றது. கண்ணாடியைத் துடைத்து, வெறும் மேசையில் மல்லாக்க வைத்து, மேலே கூரையைத் தவிர எதுவும் இல்லாதபடி பார்த்து, அளவுதிருத்தம் செய்தேன். மேல் எல்லை 490, கீழ் எல்லை 390. பிறகு சென்சார் இடத்தில் வெட்டுள்ள டெம்பர்ட் கிளாஸை ஒட்டினேன். எண் அசையவில்லை. திருத்தத்துக்குப் பின் ஒட்டியது வேண்டுமென்றேதான். முதலில் ஒட்டிவிட்டுத் திருத்தினால், கிளாஸ் ஏதாவது திருப்பினாலும் அது அடித்தளத்துக்குள் மறைந்துபோகும், நமக்குத் தெரியாது.

அக்காவைக் கூப்பிட்டு மூன்று விதமாகப் பார்த்தோம். கையில் பிடித்துக் காதில் வைத்தால் 1,240. தோளில் இடுக்கினால் 540. எண்ணெய் தடவிய கொண்டை சரிந்து நேராகச் சென்சாரின் மேல் விழுந்தால் சில நேரம் 470 வரை இறங்கியது. 470 என்பது 490க்குக் கீழே. ஆகவே அந்த நிலையில் அழைப்பு தொடங்கினால் திரை எரியும். அதை நான் மறைக்கவில்லை. மேல் எல்லையை இன்னும் இறக்கலாமே என்று அண்ணன் மகன் கேட்டான். இந்த மாடலில் 300 என்ற கூட்டலை நாம் மாற்ற வழியில்லை. மாற்ற முடிந்தாலும், சந்தன விரல் தடம் ஒன்று படிந்தாலே திரை இருண்டுவிடும் அளவுக்கு நெருங்கிவிடும். எந்தப் பக்கம் தவறு நடந்தால் அக்காவுக்குக் குறைந்த தொல்லை என்பதுதான் கேள்வி. இருட்டில் மாட்டினால் அழைப்பைத் துண்டிக்கக்கூட முடியாது. மியூட்டில் போனால் திரும்ப அழுத்தலாம். 490லேயே விட்டோம்.

கொண்டை விஷயத்தில் அவரே ஒரு வழி கண்டார். இப்போது இடது தோளில் இடுக்குகிறார். கொண்டை வலது பக்கம் சாய்வதால் 540க்குக் கீழே போவதில்லை.

கூலி 30 வெள்ளி வாங்கினேன், முதல் தடவை செய்த வேலைக்கு எதுவும் வாங்கவில்லை. அடுத்த வாரம் அவருக்குப் பக்கத்தில் வெற்றிலை விற்கும் அண்ணன், இதே புகாரோடு தன் கைப்பேசியைக் கொண்டுவந்தார். "எனக்கும் அந்த ரப்பரை வச்சுக் கொடுங்க தம்பி" என்றார். சோதனைப் பக்கத்தில் எண் இல்லை. கேமராவைக் காட்டினால் புள்ளியும் இல்லை. அது வேறு சாதி. அகச்சிவப்பே கிடையாது. காது ஒலிபெருக்கி நமக்குக் கேட்காத உயர் ஒலியை எழுப்ப, மைக் அதன் எதிரொலியைக் கேட்டு அருகில் ஆள் இருப்பதைக் கணிக்கும். 2016இல் வந்த ஷாவ்மி மி மிக்ஸிலேயே இந்த முறை வந்துவிட்டது. அதில் ரப்பரும் இல்லை, டெம்பர்ட் கிளாஸும் பெரிதாகக் குற்றவாளியில்லை. அண்ணனுடையதில் ஒலிபெருக்கி வலையில் சுண்ணாம்பும் பாக்குத் தூளும் அடைத்திருந்தன. மென்மையான தூரிகையால் சுத்தம் செய்தேன், அதற்கு 5 வெள்ளி.